வக்கீலம்மாவின் வலது கன்னம்

பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் ஆறு வருடமாக வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தவள், முப்பத்தெட்டாவது வயதில் மாலைச் சட்டக் கல்லூரியில் சேர்ந்தாள். அன்றிலிருந்து புருஷன் முதல் பல் டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் வக்கீலம்மாதான்.

சாட்சியச் சட்டப் பரீட்சையன்று காலை எழுந்தபோது அவளுடைய வலது கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது. உடம்பும் அனலாகக் கொதித்தது. ஏதோ பல் தொந்தரவு, மூன்று மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிவிடலாம் என்று கிளம்பிப் போனாள். கடிக்கத்தான் முடியவில்லை.

ஹாலில் கண்காணிப்புக்கு வந்திருந்தவர் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமே ஆன விரிவுரையாளர். அவளுடைய மேசையருகே வந்து நின்றார்.

"வாயில என்ன?"

"ஒம்முமில்ல சார்." வீங்கிய வாயில் வார்த்தை குழறியது.

"துப்பிட்டு வாங்க."

"துப்ப ஒம்முமில்ல சார்."

"அப்ப வாயைத் திறந்து காட்டுங்க."

ஒரு விரற்கடை திறப்பதற்குள் காதுவரை வலி சுண்டி இழுத்தது. ஹாலில் அறுபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேள்வித்தாள் கட்டை அப்போதுதான் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் பேனாக்களைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்துவிட்டாள்.

நேரே கிளினிக்குக்குத்தான் போனாள். பல் டாக்டர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார், உடனே இரண்டடி பின்வாங்கினார். "பல்லெல்லாம் முத்து மாதிரிதான் இருக்கு. இது பொன்னுக்கு வீங்கி. பக்கத்துத் தெரு பொது டாக்டர்கிட்ட போ. இங்க நிக்காத, பேஷண்ட் வர்ற நேரம்."

பொது டாக்டரும் அதையேதான் சொன்னார். அன்று தொடங்கிப் பத்து நாள் பரீட்சை எழுதும் நிலையில் இல்லை என்று சான்றிதழும் எழுதிக் கொடுத்தார்.

ஐந்து வேலை நாளுக்குள் சான்றிதழோடு டீனுக்கு எழுதிக் கொடுத்தால், தவறவிட்டதைப் பின்னால் எழுதும் 'தள்ளிவைத்த பரீட்சை' கேட்கலாம் என்பது விதி. வக்கீலம்மா கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு எழுத உட்கார்ந்தாள். நோயின் வரலாறு ஒரு பக்கம், தங்கை மகனிடமிருந்து அது தொற்றிய விதம் இன்னொரு பக்கம், 'இயற்கை நீதி' என்ற சட்டத் தத்துவம் ஒன்றரைப் பக்கம்.

புருஷன் வாங்கிப் படித்தான். "எல்லாம் பிரமாதம். இதுல நீ என்ன கேக்குறே?"

"நாலாம் பக்கம் பாருங்க."

"நாலாம் பக்கம் வர்றதுக்குள்ள டீனம்மா ரிட்டையர் ஆயிடுவாங்க."

முறைத்தாள். ஆனாலும் கிழித்துப் போட்டாள். பதிவு எண், பாடம், தேதி, நோய், இணைப்பு, கோரிக்கை என்று எட்டே வரியில் முடித்தாள். அவளுக்கு வெளியே போகத் தடை என்பதால் புருஷனே அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் வாங்கி வந்தான்.

பதிலில், பதினோராம் நாள் நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். தள்ளிவைத்த பரீட்சை தொடர்பாகவும், முறைகேட்டுப் புகார் தொடர்பாகவும்.

"காய்ச்சல் வந்ததே முறைகேடா?" என்றான் புருஷன்.

டீன் அம்மாளின் மேசையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று அவளுடைய கடிதம். மற்றொன்று கண்காணிப்பாளரின் அறிக்கை. அவரும் பக்கத்து நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

டீன் படித்தார். "'மாணவி வலது கன்னத்தில் ஒரு பொருளை ஒளித்து வைத்திருந்தார். காட்டச் சொன்னதும் மறுத்து வெளியேறினார்.' நீங்க என்னம்மா சொல்றீங்க?"

பதினோரு நாளாக வாயை மூடியே கிடந்தவளுக்கு அப்போது எங்கிருந்தோ தைரியம் வந்தது. "மேடம், சார் பார்த்தது வீக்கத்தை. பொருளை இல்ல. பொருள்னு சொல்றது அவரோட ஊகம்."

டீன் கண்ணாடியைக் கழற்றினார். "இதைப் பரீட்சையில எழுதினா மார்க் உண்டு." பிறகு கண்காணிப்பாளர் பக்கம் திரும்பினார். "பொருளைப் பார்த்தீங்களா?"

"கன்னம் உப்பியிருந்துச்சு மேடம்."

"பொருளை?"

"இல்ல மேடம்."

"கேள்வித்தாள் கொடுத்துட்டீங்களா?"

"அதுக்குள்ள போயிட்டாங்க."

"அப்ப பரீட்சைக்கு வரலைன்னுதான் கணக்கு. கேள்வித்தாள் வாங்கியிருந்தா வேற கதை." டீன் சான்றிதழின் தேதியையும் டாக்டரின் பதிவு எண்ணையும் மறுபடி சரிபார்த்தார். "அறிக்கையை வாபஸ் வாங்கிக்கிறீங்களா, இல்ல ஒழுங்குக் குழுவுக்கு அனுப்பட்டுமா?"

அவர் வாபஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். டீன், கடிதத்தின் ஓரத்தில் 'அனுமதிக்கலாம்' என்று எழுதினார். அடுத்த மாதம் புதுக் கேள்வித்தாள், முதல் முயற்சியாகவே மதிப்பெண். வக்கீலம்மா நன்றி சொன்னாள். கும்பிட்டுவிட்டு எழுந்தாள்.

வராந்தாவில் கண்காணிப்பாளர் பின்னாலேயே வந்தார்.

"மேடம், அன்னைக்கு நான் ரொம்பக் கிட்ட வந்து குனிஞ்சு பார்த்தேன். அது தொத்துமா?"

"தொத்தும் சார். தெரியறதுக்கு ரெண்டு மூணு வாரம் ஆகும். சின்ன வயசுல உங்களுக்கு வந்திருந்தா அநேகமா பயமில்ல."

அவர் அங்கேயே நின்று போனை எடுத்தார். படியிறங்கும்போது அவருடைய குரல் அவளுக்கு நன்றாகவே கேட்டது.

"அம்மா, எனக்குச் சின்ன வயசுல கன்னம் வீங்கிச்சா? ... நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. ஊகமா சொல்லாதே."