மெத்தை இல்லாத கட்டில்

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குக் கிளம்பிப் போன ஹுமைத், பதுளை டவுனில் அந்த மூன்று மாடிக் கட்டிடத்தை அண்ணாந்து பார்த்ததற்கு ஒரே காரணம் பெருமைதான். தன் கைவேலை இருக்கிற வீட்டைத் தாண்டும்போது தலையை நிமிர்த்தாத தச்சன் யார்? மேல்மாடியில் ஷிபானின் ஒற்றை அறை வீட்டுக்கு அவன்தான் மடக்குக் கட்டில் செய்து கொடுத்திருந்தான். பகலெல்லாம் அலமாரிபோலச் சுவரோடு நிற்கும், படுக்கிற நேரம் இழுத்து இறக்கினால் கட்டில்.

பார்த்தவன் நடுத்தெருவில் நின்றுவிட்டான். மேல்மாடிக் கைப்பிடிக் கம்பியில் நீலக்கோடு போட்ட தேங்காய்த் தும்பு மெத்தை ஒன்று தொங்கிக் காய்ந்தது. அந்தக் கட்டிலின் மெத்தை. அவனே நிறுத்து வாங்கியது.

அந்த வீட்டில் அவன் பயந்ததெல்லாம் சுவருக்குத்தான். கிழக்குச் சுவர் நல்ல செங்கல். ஆனால் அங்கே கட்டிலை வைத்தால் படுப்பவர் கால் மேற்கே, தொழுகைத் திசையான கிப்லாப் பக்கம் நீளும். ஷிபானின் உம்மா ரஹ்மத்தும்மா ஒரே பிடியாக மறுத்துவிட்டார். மற்ற இரண்டு சுவர்களிலும் வாசலும் ஜன்னலும். மிச்சம் மேற்குச் சுவர், அதுவோ வெறும் பலகைத் தடுப்பு. விரலால் தட்டினால் டொக் டொக்கென்று சிரிக்கும். இறக்கிய கட்டில் தன் அலமாரிப் பெட்டியை முன்னால் கவிழ்க்கத்தான் பார்க்கும், அந்தப் பலகையில் அடித்த ஆணி எதைப் பிடிக்கும்? ஆகவே தடுப்பை நம்பாமல், தரையிலிருந்து மேல் கொங்கிரீட் தட்டு வரை இரண்டு இரும்புச் சட்டங்களை நிறுத்தி, இரு முனையிலும் போல்ட் அடித்து இறுக்கி, பெட்டியை அந்தச் சட்டங்களோடு பூட்டினான். பூட்டிய பிறகும் தூக்கம் வராமல் புரண்டான். இப்போது பார், வினை சுவரில் இல்லை, ஸ்பிரிங்கில் நிற்கிறது.

கட்டிலை மேலே தள்ளித் தூக்க, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கேஸ் ஸ்பிரிங், ஒவ்வொன்றும் ஆயிரத்து முன்னூறு நியூட்டன். கட்டிற் சட்டமும் இருபத்தைந்து கிலோ மெத்தையும் சேர்ந்த பாரத்துக்கு அளந்து போட்டவை. பாரம் சரியாக இருந்தால் சின்னப் பெண்ணும் ஒரு கையால் தூக்கலாம், இறக்கினால் இறங்கிய இடத்தில் கிடக்கும். மெத்தையை எடுத்துவிட்டால் ஸ்பிரிங்குக்கு அது தெரியாது. அதே பலத்தோடு தள்ளிக்கொண்டே இருக்கும். மேலே படுத்திருப்பவர் எழும்பினால் கட்டிலும் எழும்பும்.

ஷிபானின் மனைவி றுஷ்தா நேற்றுத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையோடு வந்திருந்தாள்.

மெத்தை இல்லாமல் கட்டிலை இறக்கவே கூடாதென்று ஹுமைத் சொல்லத்தான் செய்தான். யாரிடம்? ஷிபானிடம். பெண்கள் திரைக்கு அந்தப் பக்கம் இருக்க, ஆம்பிளையிடம் சொல்லிவிட்டு வருவதுதானே இந்த ஊர் மரியாதை! ஷிபானும் தலையாட்டினான். மெத்தையைத் தொடுவது ஷிபானா?

போன் எடுத்தான். மணி அடித்து அடித்து நின்றது. இந்நேரம் ஷிபான் பள்ளிவாசலில் முன் வரிசையில், போனைச் சத்தமில்லாமல் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பான். ஹுமைத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறி ஓடினான்.

கதவைத் தட்டக் கை ஓங்கியவன் அப்படியே நின்றான். தட்டினால் உள்ளே படுத்திருப்பவள் யாரென்று எழும்புவாளே! நகத்தால் மெல்லச் சுரண்டினான்.

"யாரது?" ரஹ்மத்தும்மாவின் குரல் கதவுக்குப் பக்கத்திலேயே கேட்டது.

"சாச்சி, நான் கட்டில் செஞ்ச ஹுமைத். மருமகள் கட்டில்லயா ஈக்கிறாங்க?"

"வூட்டுல ஆம்புள ஆக்கள் இல்ல. புள்ள பெத்து நாப்பதுல கிடக்கிறவளப் பத்தி உனக்கு என்ன கேள்வி? ஜும்ஆ முடிஞ்சு ஷிபான் வந்த பொறகு வா."

"கதவு தொறக்க வாணாம் சாச்சி. அவங்க எழும்பாம ஈந்தாப் போதும். மெத்தைய எடுத்தா கட்டில் தானா மேல போகும்!"

"பெத்த இடுப்பு மெத்தையில கிடந்தா நோவு போகாது. பலகையில பாய் விரிச்சுக் கிடத்தியிருக்கேன். எங்க உம்மா என்னையும் அப்படித்தான் கிடத்தினாங்க." அவர் குரலில் கோபம் ஏறியது. "காலையில மெத்தைய உருவக்குள்ளயே கட்டில் துள்ளப் பார்த்துச்சு. அவளைப் பலகை மேல உட்கார வச்சுத்தான் எடுத்தேன். புதுச் சாமான், முறுக்கு. போகப் போகச் சரியாயிடும்."

சரியாயிடுமாம்! ஹுமைத்துக்கு அழுகை வந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு ஸ்பிரிங்கை எப்படி விளங்கப்படுத்துவது?

"யாரு மாமி?" என்று உள்ளே றுஷ்தா கேட்டாள். பாய் சரசரத்தது. அந்நிய ஆணின் குரல் கேட்டதும் அவள் முந்தானையை இழுத்துக்கொண்டு தலைமாட்டுப் பக்கம், பெட்டிக்குள் ஒதுங்குகிறாள். ஹுமைத்துக்குப் பார்க்காமலே தெரிந்தது. கட்டிலின் அச்சு இருப்பது தலைமாட்டில். அங்கே நகர நகர அவள் பாரம் பாரமாக இருக்காது.

டக்.

கால்மாட்டுக் கால் தரையை விட்ட சத்தம். பின்னாலேயே ஸ்பிரிங்கின் மெல்லிய சீறல்.

"மாமி! கட்டில் தூக்குது மாமி!"

"தங்கச்சி, கால்மாட்டுக்கு வாங்க!" மரியாதை, மறைப்பு எல்லாம் மறந்து ஹுமைத் கத்தினான். "கால்மாட்டுக்கு! உடம்பை அந்தப் பக்கம் போடுங்க!"

ஏதோ புரண்டது. தொப்பென்று கால் தரையில் இறங்கியது. கட்டிலிலிருந்தே பிள்ளை வீறிட்டது.

"அப்படியே ஈங்க, எழும்பாதீங்க. சாச்சி, முதல்ல புள்ளையத் தூக்குங்க. தூக்கிக்கிட்டு ஜன்னல் பக்கம் போங்க."

இம்முறை ரஹ்மத்தும்மா மறுபேச்சுப் பேசவில்லை. செருப்பில்லாத கால்கள் ஓடின. அழுகை தள்ளிப் போனது.

"புள்ள கையில ஈக்கா?"

"ஈக்கி. ஈக்கி."

"தங்கச்சி, கால்மாட்டு ஓரத்துல உட்கார்ந்து ரெண்டு காலையும் தரையில ஊன்றுங்க. எழும்புனதும் பக்கமா விலகிடுங்க. கட்டிலுக்கு நேரா நிக்காதீங்க."

ஒரு நொடி ஒன்றும் கேட்கவில்லை. பிறகு சீறல், காற்றை வெட்டும் சத்தம், கட்டிடமே அதிர ஒரு அடி. கீழ்வீட்டில் யாரோ ஐயோவென்றார்கள். பலகைத் தடுப்பு நடுங்கியது, இரும்புச் சட்டங்கள் நின்றன.

ஹுமைத் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். தொழுகைக்குப் போட்ட வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டிக்கிடந்தது.

கதவு திறந்தது. ரஹ்மத்தும்மாவின் முக்காடு தோளில் நழுவிக் கிடந்தது. அதைச் சரிசெய்ய அவருக்கு நினைவு இல்லை, இரண்டு கையாலும் பிள்ளையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டிருந்தார். "உள்ளே வா மகன்," என்றார்.

ஹுமைத் கட்டிலின் விளிம்பைப் பிடித்து, தன் முழு எடையையும் போட்டுத் தொங்கித்தான் அதை இறக்க முடிந்தது. இறக்கி, கால்மாட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டான். பாய் சுருண்டு தலைமாட்டு இடுக்கில் போய்ச் செருகிக் கிடந்தது. அதற்கும் கீழே, பெட்டிக்கும் பலகைக்கும் நடுவில், பிள்ளைக்கென்று தைத்த சின்ன இலவம்பஞ்சுத் தலையணை நசுங்கி, தையல் பிய்ந்து, பஞ்சு வெளியே வந்து கிடந்தது. றுஷ்தா அதை எடுத்தாள்.

ஷிபான் வந்தபோது மெத்தை பழைய இடத்தில் கிடந்தது. "என்ன ஹுமைத் நானா, தொழவும் வரல்ல? சுவர்ல ஏதும் கோளாறா?" என்று, அண்ணனைக் கேட்கிற உரிமையில் சிரித்துக்கொண்டே கேட்டான். ஹுமைத் அவனை விட்டு றுஷ்தாவின் பக்கம் திரும்பி, மெத்தை ஏன் இருக்க வேண்டும், ஸ்பிரிங் என்ன செய்யும், எங்கே உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று முதலிலிருந்து சொன்னான். அவள் தலை குனியாமல் கேட்டாள்.

ரஹ்மத்தும்மா அந்தக் கிழிந்த தலையணையை ஷிபான் கையில் வைத்தார்.

"இத முந்தியே உனக்குச் சொன்னாங்களா?" என்று கேட்டார்.