மேற்சொல்லப்பட்ட காணி

கொட்டகலைக் கடைவீதியில் அரிசி, பருப்புக் கடை வைத்திருந்த பரிமளம், 1936ஆம் ஆண்டு தை மாதம் ஹட்டனில் காணிப் பத்திரங்கள் எழுதும் நொத்தாரிசு மயில்வாகனத்தின் கந்தோருக்கு வந்தாள். கடையும் அதன் பின்னால் இருந்த நிலமும் குத்தகைக்கு எடுத்தவை. பத்து வருடக் குத்தகை அந்த மாதத்தோடு முடிகிறது. பழைய உறுதிப் பத்திரத்தில் கையெழுத்திட்ட அவள் புருஷன் போன ஆவணியில் இறந்துவிட்டதால், இந்தத் தடவை அவள்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

மயில்வாகனம் யாழ்ப்பாணத்துக்காரர். ஹட்டனுக்கு வந்து பதினெட்டு வருடமாகிறது. பழைய உறுதியைப் பார்த்து எழுதி வைத்திருந்த புதியதை எடுத்து மளமளவென்று வாசித்தார். "இதனகத்துப் பின்னர் குத்தகை கொடுப்போன் என அழைக்கப்படுபவராகிய" என்று தொடங்கிய வாக்கியம் ஒரு பக்கம் தாண்டியும் முடியவில்லை. "இவ்வுறுதி சாட்சியம் பகர்வதாவது" என்ற இடத்தில் பரிமளம் கையை உயர்த்தினாள்.

"ஐயா, இதெல்லாம் எனக்கு வெளங்கல."

"உங்களுக்கு வாசிக்கத் தெரியுமெல்லோ?"

"பேப்பரு வாசிப்பேன். இது பேப்பருல வாற தமிழில்லையே."

"இதுகள் கோட்டிலை அடிபட்டு நிலைச்ச சொல்லுகள் அம்மா. மாத்தினால் நாளைக்கு நீதவான் ஏன் மாத்தினது எண்டு கேப்பார்."

பரிமளம் எழுந்து போகவில்லை. கடைசிப் பக்கத்தைக் காட்டி, அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். அது நொத்தாரிசு தன் கையால் எழுதும் அத்தாட்சி. கையெழுத்திடுபவருக்கு இதை வாசித்து விளக்கினேன் என்று அதில் இருந்தது.

"வாசிச்சீங்க, சரி. வெளக்கினீங்களா ஐயா?"

மயில்வாகனத்துக்குச் சுருக்கென்றது. கோபம் வந்தது. ஆனால் அவள் கேட்டது நியாயம் என்பதும் தெரிந்தது. ஒரு கிழமை பொறுத்து வரச் சொன்னார்.

அந்தக் கிழமை காலை நேரங்களில் அவர் வேறு வேலை எடுக்கவில்லை. "சாட்சியம் பகர்வதாவது" என்பதை முதலில் வெட்டினார். சாட்சி சொல்வது தாள் இல்லை, பக்கத்தில் நின்று கையெழுத்திடும் இரண்டு பேர்தானே. அந்தச் சொல் போனதால் உறுதிக்கு ஒரு குறையும் இல்லை. "இதனகத்துப் பின்னர் குத்தகை கொடுப்போன்" என்பதற்கு, "இனி இந்த உறுதியில் காணிக்காரர் என்று சொல்லப்படுவார்" என்று எழுதினார். அதற்குப் பின்னால், வாரிசுகள், மரணசாசனத்தை நிறைவேற்றுவோர், சொத்தை நிருவகிப்போர் என்று ஒரு நீண்ட வால் இருந்தது. அதையும் வெட்டப் பேனாவை வைத்தவர் நிறுத்திக்கொண்டார். அது அலங்காரம் இல்லை. காணிக்காரர் நாளை கண்ணை மூடினால் அவருடைய பிள்ளைகளையும் இந்தக் குத்தகை கட்டுப்படுத்தும் என்று சொல்வதே அந்த வரிதான். "இந்தப் பெயர் அவருக்குப் பின் அவருடைய வாரிசுகளையும், அவருடைய சொத்தைச் சட்டப்படி பொறுப்பேற்பவர்களையும் குறிக்கும்" என்று சுருக்கி எழுதினார்.

"மேற்சொல்லப்பட்ட" என்ற சொல் பதினொரு இடத்தில் இருந்தது. ஒவ்வொன்றாக விரல் வைத்து, மேலே எது சொல்லப்பட்டது என்று பார்த்து, அந்தப் பொருளின் பெயரையே போட்டார். அந்த வாடகை, அந்தக் கடைக் கட்டிடம், அந்தத் தேதி. பத்து இடம் சுலபமாக முடிந்தது. பதினோராவது இடத்தில் பேனா நின்றது.

"மேற்சொல்லப்பட்ட காணியில் இப்போதுள்ள கட்டிடங்களும் இனிக் கட்டப்படும் கட்டிடங்களும் குத்தகை முடிவில் குத்தகை கொடுப்போனையே சேரும்."

எந்தக் காணி? மேலே சொல்லப்பட்டவை இரண்டு. முதலாவது, ரோட்டோரம் கடை நிற்கும் காணி. இரண்டாவது, பின்னால் இருக்கும் வெறும் நிலம். அந்த வெறும் நிலத்தில் பரிமளத்தின் புருஷன் மூட்டை அடுக்கத் தகரக் கொட்டகை ஒன்று போட்டிருந்தான். சொல்லோ ஒருமையில் நின்றது.

பழைய உறுதியை எழுதியவரும் அவரேதான். ஒரு காணிக்கென்று இருந்த மாதிரியைப் பார்த்து எழுதி, இரண்டாவது காணியை நடுவில் சேர்த்துவிட்டு, கீழே இருந்த வரியைத் திருத்தாமல் விட்டிருக்கிறார். "இரண்டு காணிகளிலும்" என்று இப்போது எழுதினால் யாருக்கும் தெரியப் போவதில்லை. "கடைக் காணியில்" என்று எழுதினாலும் தெரியாது. ஆனால் எதை எழுதினாலும் ஒருவர் கையிலிருப்பதை எடுத்து மற்றவர் கையில் கொடுத்ததாகும். மயில்வாகனம் மைக்கூட்டை மூடிவிட்டு, உறுதியின் சொற்களை மட்டும் எளிதாக்குவதாகவும் ஒரு வரி பற்றிப் பேச வரும்படியும் இருவருக்கும் தபால் அட்டை எழுதினார்.

காணிக்காரர் கந்தப்பன் ஒரு தோட்டத்தில் பெரிய கங்காணியாக இருந்து விலகியவர். தலைப்பாகையோடு வந்து உட்கார்ந்தார். மயில்வாகனம் அந்த வரியை வாசித்து, "பிழை என்ரை. எந்தக் காணி எண்டு நான் எழுதேல்லை" என்றார்.

"இதிலென்ன ஐயா சந்தேகம்? ரெண்டையும் குடுத்தேன். ரெண்டும் அதது மேல இருக்கிறதோட திரும்பி வரணும்" என்றார் கந்தப்பன்.

"காணி வரட்டும் கங்காணி ஐயா. தகரம் எங்க வீட்டுக்காரர் வாங்கினது" என்றாள் பரிமளம்.

"சொல்ல மட்டுந்தான் மாத்துறோம்னீங்க நொத்தாரிசு. இப்ப என் சொத்தையே மாத்துறீங்களே. பழசு எப்படி இருந்துச்சோ அப்படியே எழுதிப்புடுங்க."

"எழுதலாம் கங்காணியார். ஆனால் பத்து வருசம் கழிச்சு நீங்கள் ரெண்டு பேரும் கோட்டிலை நிப்பியள். அந்தச் சொல்லுக்கு என்ன கருத்து எண்டு அங்கை ஆரோ ஒருவர் தீர்ப்பார். இப்ப நீங்களே தீர்க்கலாம்."

பரிமளம் கந்தப்பன் பக்கம் திரும்பினாள்.

"கொட்டகை போடுற அன்னிக்கு நீங்க வந்து நின்னீங்க. அவரு உங்ககிட்ட கேட்டாரு. என்ன சொன்னீங்க?"

கந்தப்பன் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்தார்.

"போட்டுக்க, போகும்போது பிரிச்சு எடுத்துட்டுப் போன்னு சொன்னேன்." பிறகு குரலை உயர்த்தினார். "ஆனா அது வாயால சொன்னது."

"வாயாலை சொன்னது காணி விசயத்திலை சட்டத்துக்கு நிக்காது" என்றார் மயில்வாகனம். "நொத்தாரிசு முன்னாலை, ரெண்டு சாட்சியோடை எழுத வேணும். எழுதட்டோ?"

"எழுதுங்க" என்றார் கந்தப்பன். "ஆனா அடியில போட்ட கல்லுத்தரை இருக்கணும். அதப் பேத்துட்டுப் போகக் கூடாது."

"கல்ல நான் தூக்கிட்டுப் போய் என்ன செய்யப் போறேன்?" என்றாள் பரிமளம். அவளையும் அறியாமல் சிரித்துவிட்டாள். கந்தப்பன் சிரிக்கவில்லை; ஆனால் தலையை ஆட்டினார்.

மயில்வாகனம் அங்கேயே எழுதினார்: "கடைக் காணியில் உள்ள, இனிக் கட்டப்படும் எல்லாக் கட்டிடமும் குத்தகை முடிவில் காணிக்காரரைச் சேரும். பின் காணியில் உள்ள தகரக் கொட்டகையைக் குத்தகைக்காரர் பிரித்து எடுத்துப் போகலாம். கல் தரையைப் பெயர்க்கக் கூடாது. பின் காணியில் இனிக் கட்டப்படும் எதுவும் காணிக்காரரைச் சேரும்." கடைசி வரி கந்தப்பன் கேட்டுச் சேர்த்தது; பரிமளம் ஒத்துக்கொண்டாள்.

மறுநாள் சுத்தப் பிரதி தயாரானது. முன்பு ஐந்து பக்கமாக இருந்த உறுதி மூன்றில் அடங்கிவிட்டது. சாட்சிகள் இருவரும் பக்கத்தில் நிற்க, பரிமளம் அதை வாங்கித் தானே உரக்க வாசித்தாள். இரண்டு இடத்தில் திக்கினாள். இரண்டும் காணியின் எல்லை அளவுகள். பிறகு கையெழுத்துப் போட்டாள். கந்தப்பன் தன் பேரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்.

அவர்கள் போன பிறகு மயில்வாகனம் தன் பிரதியை ஆவணக் கட்டோடு சேர்த்தார். காணிப் பதிவுக் கந்தோருக்குப் போக வேண்டிய பிரதியைத் தனியே வைத்தார். வீட்டுக்குக் கிளம்பலாமா என்று யோசித்தவர், அலுமாரியைத் திறந்து 1926ஆம் ஆண்டுக் கட்டை இறக்கினார். அதே மாதிரியைப் பார்த்து வேறு எத்தனை உறுதிகள் எழுதினோம் என்று பார்க்க வேண்டியிருந்தது. சாயங்காலத்துக்குள் ஏழு அகப்பட்டன. அவற்றுள் மூன்று உறுதிகளில் இவ்விரண்டு காணிகள் இருந்தன. ஒரு தாளை எடுத்து அந்த மூன்று உறுதிகளிலும் கையெழுத்திட்டவர்களுடைய விலாசத்தையும் குறித்துக்கொண்டார்.