இடப்பக்கம் ஒரு விரல் கூடுதல்

மகள் பவித்ராவின் கல்யாண ஜாக்கெட்டுகள் எல்லாம் தைத்து முடிந்து வந்துவிட்டன. கண்ணம்மாளின் அரக்குப் பட்டு ஜாக்கெட் மட்டும் வரவில்லை. அதற்குப் பதில் பையில் ஒரு சீட்டு குத்தியிருந்தது. திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் கடை வைத்திருக்கும் ரோசலின் எதையும் எழுதித்தான் அனுப்புவாள். போனில் சொன்னால் சண்டையில்தான் முடியும் என்பது அவள் அனுபவம்.

சாணார்பட்டிப் பக்கம் தங்கள் வீட்டில் மல்லிகை கட்டிக்கொண்டிருந்த அம்மாவுக்குப் பவித்ரா அதைச் சத்தமாகவே வாசித்தாள்.

"கண்ணம்மா அக்காவுக்கு. ஜாக்கெட்டை இன்னொரு தடவை உடம்புல போட்டுப் பாக்கணும். போன தடவை நீங்க இடது கையை ஒட்டி வச்சே நின்னீங்க. கையைத் தூக்கிப் பாக்காம அக்குள் வளைவை முடிச்சா, தாலி கட்டுற நேரம் அட்சதை போடக் கையைத் தூக்கும்போது ஜாக்கெட் மேல ஏறிரும். அளவு ஜாக்கெட்டுப்படிதான் வெட்டினேன். வலப்பக்கம் சரியா இருக்கு, இடப்பக்கம் ஒரு விரல் பத்தல. ஏன்னு பிடிபடல. இப்ப சுளுவா பிரிக்கிற மாதிரி ஓட்டுத் தையல்தான் போட்டிருக்கேன். மெஷின்ல ஓட்டிட்டுப் பிரிச்சா பட்டுல ஊசித் தடம் நிக்கும். அதனால ஒரு நடை வாங்க. ரோசலின்."

கண்ணம்மாளின் விரலில் நார் அப்படியே நின்றது.

"இருக்கிறபடி தைக்கச் சொல்லு. என்னை யாரு பாக்கப் போறா?"

"நல்லாருக்கு. மேடையில நிக்கப் போறவ பேசுற பேச்சா இது? வடமதுரை மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னால இழுத்து இழுத்து விட்டுக்கிட்டு நிப்பியா?" என்றாள் பவித்ரா.

இடது அக்குளில் கட்டி தட்டுப்பட்டது ஆடி மாதத்தில். புருசன் போன பிறகு தோட்டத்தைத் தனியாகக் கட்டிக் காத்து மகளைப் படிக்க வைத்தவள், தன் உடம்பைக் கொஞ்சம் காத்திருக்கச் சொன்னாள். அம்மாவுக்கு வந்த புற்று மகளுக்கும் வரும் என்று சொல்லிப் பக்கத்து ஊரில் யாரோ ஒரு பெண்ணின் சம்பந்தம் தட்டிப் போனதை அவள் கேட்டிருந்தாள். தை பிறந்து கல்யாணம் முடியட்டும், மறுநாளே ஆஸ்பத்திரி என்று தனக்குத் தானே வாக்குக் கொடுத்திருந்தாள். கட்டி அந்த வாக்கைக் கேட்கவில்லை.

மறுநாள் பஸ் ஏறிப் போனார்கள். புடவை முந்தானைக் குஞ்சத்தைப் பார்த்துக்கொண்டிரு என்று பவித்ராவை வெளியே உட்காரவைத்துவிட்டு, கண்ணம்மாள் திரைக்குள் போனாள். ஓட்டுத் தையல் போட்ட பட்டு ஜாக்கெட்டை மாட்டிவிட்டு ரோசலின் வலது கையைத் தூக்கச் சொன்னாள். தூக்கினாள். இடது கை பாதியில் நின்றுவிட்டது. துணி எங்கே பிடிக்கிறது என்று பார்க்க அக்குளில் விரல் வைத்தவள், வைத்த விரலை எடுக்காமல் நின்றாள். பிறகு வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள்.

"அக்கா, இது ஜாக்கெட்டுக் கோளாறு இல்ல."

"தெரியும்டி. நீ துணியைச் செத்த கூட விட்டுத் தை. கல்யாணம் வரைக்கும்தான்."

"எத்தனை விரல் விடுறது? இன்னைக்கு விட்டா அடுத்த வாரம் பத்தாது."

திரை விலகியது. பவித்ரா நின்றிருந்தாள். கேட்டிருக்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"எப்ப இருந்தும்மா?"

கண்ணம்மாள் முந்தானையைத் தேடினாள். அது சரிந்து நாற்காலிமேல் கிடந்தது. மகளே எடுத்துப் போர்த்திவிட்டாள். போர்த்திய கையோடு போனை எடுத்தாள். யாருக்கு என்று கேட்க வேண்டியதே இல்லை. மாப்பிள்ளை மோகன்குமாருக்குத்தான்.

"வேணாம் தாயி. உன் காலைப் பிடிக்கிறேன். அவுக வேணாம்னு சொல்லிட்டா?"

"சொல்லட்டும். மறைச்சுக் கட்டிக்கிட்டு, உன்னைக் குழியில வச்சிட்டு நான் வாழப் போறேனா?"

அவள் சுருக்கமாகத்தான் பேசினாள். அம்மாவை இன்றைக்கே ஆஸ்பத்திரியில் காட்டப் போவதாகவும், புற்றுக்கட்டியாக இருக்குமோ என்று சந்தேகப்படுவதாகவும், கல்யாணத் தேதி தள்ளிப் போகலாம் என்றும் சொன்னாள். தன் அம்மாவிடம் கேட்டுவிட்டுக் கூப்பிடுவதாகச் சொல்லி மோகன்குமார் வைத்துவிட்டான். நல்ல பையன்தான். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலாம் என்று கண்ணம்மாளுக்குத் தோன்றியது.

குண்டூசி குத்தாதபடி ரோசலின் ஜாக்கெட்டை மெல்லக் கழற்றி எடுத்தாள். கடைப் பையனிடம் காப்பி வாங்கி வரச் சொன்னாள். காப்பி வந்து ஆறிப் போயிற்று. மேசையில் வைத்த போன் ஒரு முறை அதிர்ந்தது. மூன்று பேரும் பார்த்தார்கள். ஏதோ நகைக்கடை விளம்பரம்.

பவித்ரா எழுந்து அம்மாவின் செருப்பை நேராக்கி வைத்தாள். "வா, போவோம். சாயங்காலத்துக்குள்ள டாக்டரைப் பாத்துரலாம்."

கண்ணம்மாள் அசையவில்லை. "இம்புட்டு நாளு பொறுத்தேனே தாயி," என்றாள். "இன்னும் கொஞ்சம் பொறுத்திருப்பேனே."

மகள் வலிக்காத பக்கமாக வந்து அவள் தோளைப் பிடித்து எழுப்பினாள்.

வாசல்வரை வந்த ரோசலின் கையில் பட்டு அப்படியே இருந்தது. முடித்து வைக்கட்டுமா என்று கேட்டாள். இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். முடி என்று சொல்ல மகளுக்கு வாய் வரவில்லை. வேண்டாம் என்று சொல்ல அம்மாவுக்கு மனசு வரவில்லை.