அந்தரத்தில் நின்ற கல்

முன்னால் மண்வாரி, பின்னால் தோண்டும் கை, கீழே சங்கிலிப் பட்டை. இலுப்பூர் குவாரியில் பழைய இயந்திரத்தை விலைக்குப் பார்க்க வந்த கண்மாய்க் காண்ட்ராக்டர் ஷேக் பரீதுக்கு முதலில் கோபம்தான் வந்தது. இன்ஜின் ஓடிய நேரத்தைக் காட்டும் மணிமீட்டர் எண்ணூறு மணி நேரம் என்றது; சங்கிலியை இழுக்கும் சக்கரத்தின் பற்களோ கருவேல முள்ளாய்த் தேய்ந்திருந்தன.

“எண்ணூறு மணியில இப்படித் தேயுமா? யார்கிட்ட கதை விடுறீங்க?”

“மீட்டர் நின்னு வருசமாச்சுங்க,” என்று விற்பவரான பங்கிராஸ் தலை குனிந்தார்.

“சங்கிலிய மாத்திக்கிடலாம், அந்தக் காசக் கழிச்சுக்குவேன். பாரம் தூக்குற ஹைட்ராலிக் போயிருந்தா இது வெறும் இரும்புதான்.”

பத்துப் பேராலும் புரட்ட முடியாத பாறையை வாரியில் ஏற்றி உயரே தூக்கச் சொன்னார். பக்கத்தில் நட்ட மூங்கிலில் வாரியின் மட்டத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டார். இன்ஜினை அணைத்து, ஆட்களை விலக்கிவிட்டு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழப் போனார்.

திரும்பி வந்தபோது வாரி கோட்டிலேயே நின்றது. குழாய்களில் ஒரு சொட்டு எண்ணெய்க் கசிவில்லை. இத்தனை பாரத்தையும் குழாய்க்குள் அடைபட்ட எண்ணெய்தான் தாங்கி நின்றது.

“எறக்கிரட்டுங்களா?” என்றார் பங்கிராஸ்.

பரீது அண்ணாந்தபடியே நின்றார்.

“வண்டிய எடுத்துக்கிட்டேன். கொஞ்ச நேரம் அப்படியே நிக்கட்டுங்க.”