கார்த்திகை ஆறாம் தேதி அறுவடை

நெற்பயிருக்கே நாள் குறித்துக் கொடுத்த மனிதர் எங்கள் குடும்பத்தில் ஒருவர் இருக்கிறார். என் சித்தப்பா தியாகேசன். சென்னையில் ஒரு வங்கியில் முப்பத்தோரு ஆண்டுகள் உட்கார்ந்துவிட்டு எழுந்தவர். எழுந்ததும் விவசாயி ஆகிவிட்டார். இடையில் வேறு எந்தப் பயிற்சியும் அவருக்குத் தேவைப்படவில்லை.

மன்னார்குடிக்குக் கிழக்கே எங்கள் ஊரில் அவர் பங்குக்கு ஒன்பது மா நிலம், அதாவது மூன்று ஏக்கர். அதைப் பதினெட்டு ஆண்டுகளாகக் குத்தகைக்குப் பார்ப்பவர் வைரக்கண்ணு. அவருக்கும் அவர் மனைவி சம்பூரணத்துக்கும் இரண்டு பெண்களுக்கும் சோறு அந்த ஒன்பது மாவில்தான். குத்தகைக்குக் காகிதம் ஏதும் கிடையாது. வாய்ச்சொல்தான். வாய் சித்தப்பாவுடையது என்பதுதான் சிக்கல்.

ஜூன் மாதம், மேட்டூர் திறந்த மூன்றாம் நாள், சித்தப்பா ஒரு அட்டவணையோடு வந்து இறங்கினார். வண்ண வண்ணக் கட்டங்கள், பிளாஸ்டிக் உறைக்குள். வரப்பில் நின்றபடி வைரக்கண்ணுவுக்கு அதை வாசித்துக் காட்டினார். இருபது வயதிலிருந்து நாற்று நடுகிறவருக்கு.

"குறுவை, ஜூன் ஜூலைல வெதைப்பு, செப்டம்பர் அக்டோபர்ல அறுவடை. சம்பா, ஆகஸ்ட்ல வெதைச்சா ஜனவரில அறுவடை. தாளடி, செப்டம்பர் அக்டோபர்ல வெதைச்சு பிப்ரவரி மார்ச்ல அறுப்பு. சரிதானே?"

"சரிங்க ஐயா. ஆனி ஆடில போட்டு பொரட்டாசில குறுவைய அறுப்போம். அதே வயல்ல ஐப்பசில தாளடி நடுவோம். குறுவை போடாத வயலுக்கு ஆவணில சம்பா வெதச்சு தைல அறுப்போம்."

"இதுல நவரை எங்க? சொர்ணவாரி எங்க? டிசம்பர்ல நவரை போட்டா ஏப்ரல்ல அறுக்கலாம். ஏப்ரல் கடைசில சொர்ணவாரி போட்டா ஜூலை ஆகஸ்ட்ல அறுக்கலாம். நீ ஏன் போடல?"

"அது செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பக்கம்ங்க. ஏரித்தண்ணி, கெணத்துத்தண்ணி உள்ளவங்க போடுறது. இங்க தை கடைசியோட ஆத்த அடைச்சிடுவான். எதைக் கொண்டு போடுறது?"

"பாசிட்டிவா யோசி வைரக்கண்ணு."

வைரக்கண்ணு ஆற்றைப் பார்த்தார். நேர்மறையாகத்தான் பார்த்தார். தண்ணீர் இன்னும் எங்கள் ஊர் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை.

பிறகு சித்தப்பா விஷயத்துக்கு வந்தார். கையோடு ஒரு மூட்டை விதை கொண்டுவந்திருந்தார். மாப்பிள்ளைச் சம்பா. வயது நூற்று அறுபது நாள் என்று மூட்டைக்காரன் சொல்லியிருந்தான். சம்பாவை ஆவணி வரை காத்திருந்து விதைப்பது சோம்பேறித்தனம் என்பது சித்தப்பாவின் கண்டுபிடிப்பு. ஜூன் பதினைந்தில் விதைத்தால் நூற்று அறுபதாம் நாள் நவம்பர் இருபத்திரண்டு, கார்த்திகை ஆறு. அன்று அறுவடை. அப்புறம் நவரை. அப்புறம் சொர்ணவாரி. வயல் வருடம் முழுக்க வேலை செய்யும், வங்கிக் கிளை மாதிரி.

வைரக்கண்ணு மெதுவாகச் சொன்னார். "ஐயா, அந்த நெல்லு நாளக் கணக்குப் பண்ணாதுங்க. ஆனில வெதச்சாலும் ஆவணில வெதச்சாலும் பொழுது குறுகி பனி எறங்குனாத்தான் கதிர் வாங்கும். எப்படிப் பாத்தாலும் அறுப்பு தைலதான். முன்னாடி வெதச்சா வெறும் தாளா வளந்து மழைல படுத்துடும்."

"மூடநம்பிக்கை," என்றார் சித்தப்பா. "நூத்தி அறுபதுன்னா நூத்தி அறுபது. கணக்குக்கு மாசம் தெரியாது."

உண்மைதான். கணக்குக்கு மாதம் தெரியாது. பயிருக்குத்தான் தெரியும்.

அங்கேயே தீர்ப்பும் வந்தது. மூன்று மாவைச் சித்தப்பா எடுத்துக்கொண்டு தன் சொல்படி பயிர் வைப்பார். கார்த்திகை ஆறாம் தேதி விருந்தினர் முன்னால் அறுவடை நடந்தால், தை முதல் ஒன்பது மாவும் அவருடைய நேரடிப் பார்வையில். அதாவது வைரக்கண்ணு வெளியே. அறுவடை நடக்காவிட்டால் பழையபடி.

"அப்ப நாங்க?" என்று கேட்டது சம்பூரணம்.

"உனக்குத் தினக்கூலி உண்டும்மா. மாப்பிள்ளைச் சம்பால களை எடுக்க ஆள் வேணும்ல?"

"ஆகா. மாப்ளைக்குக் கால் அமுக்க எங்களையே கூப்புடுறாரு," என்று சம்பூரணம் என்னைப் பார்த்துச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கு அந்தத் திட்டத்தில் பதவி இருந்தது: காணொளிப் பதிவாளர். கல்லூரிக் கட்டணத்தில் பாதி சித்தப்பா தருவது.

ஒரே வாரத்தில் இரண்டு நாற்றங்காலும் விதைக்கப்பட்டன. ஆறு மாவில் வைரக்கண்ணுவின் குறுவை, நூற்றுப்பத்து நாள் ரகம். மூன்று மாவில் மாப்பிள்ளை. ஆடி கடைசியில் மாப்பிள்ளை குறுவையைவிட ஒரு முழம் உயரம். சித்தப்பா அலைபேசியில் படத்தைப் பார்த்துவிட்டு, தன் நங்கநல்லூர் நடைப்பயிற்சிக் குழுவுக்கு அனுப்பினார். 'பாரம்பரியம் தலைநிமிர்கிறது' என்று கீழே எழுதினார். ஆவணியில் குறுவை கதிர் வாங்கியது. மாப்பிள்ளை இன்னும் நிமிர்ந்தது. புரட்டாசி நடுவில் வைரக்கண்ணு குறுவையை அறுத்து, வீட்டு வாசல் நிலையில் குருவிக்காக ஒரு கதிர்க்கொத்து தொங்கவிட்டார். அதற்குள் தாளடி நாற்று தயாராக இருந்தது. ஐப்பசி பிறந்ததும் நட்டு முடித்தார். மாப்பிள்ளை இன்னும் தலைநிமிர்ந்துகொண்டிருந்தது. வேறு எதுவும் செய்யவில்லை.

ஐப்பசி மழை வந்தது. நிமிர்ந்தது படுத்தது.

கார்த்திகை நான்காம் தேதி சித்தப்பா வந்தார். மூன்று மாவும் யாரோ பாய் விரித்து, அதன்மேல் புரண்டு எழுந்த மாதிரி கிடந்தன. வரப்போரம் ஒரு வரிசை மட்டும் தோள் உயரத்துக்கு நின்றது. அவர் ஒரு தாளைப் பிடித்து மேலிருந்து கீழ்வரை தடவினார். கதிர் இல்லை. உரித்துப் பார்த்தார். உள்ளேயும் இல்லை.

"எங்க வைரக்கண்ணு கதிரு?"

"இப்பத்தான் பொழுது குறுகுது ஐயா. இந்த மாசக் கடைசில தொண்டைல வரும். தைல அறுக்கலாம்."

"நாளன்னிக்கு நங்கநல்லூர்லேந்து வேன் வருதுய்யா! பதினாலு பேரு!"

"அதுக்கு நான் என்னாங்க பண்ண, பயிருகிட்ட நீங்கதான் பேசணும்."

சித்தப்பா பேசவில்லை. யோசித்தார். வங்கியில் அவரைப் பதவி உயர்த்திய மூளை வேலை செய்தது. பக்கத்து ஊர்களில் விளைந்த கதிர் ஏதாவது கிடைக்குமா என்று என்னை மோட்டார் சைக்கிளில் அனுப்பினார். கார்த்திகையில் டெல்டாவில் விளைந்த கதிர் தேடுவதற்குக் கல்லூரி மாணவன்தான் சரியான ஆள். குறுவை எல்லாம் அறுத்து மூட்டையாகிப் போயிருந்தது. சம்பாவும் தாளடியும் பச்சைத் தண்டு. நீடாமங்கலம் வரை போய் வந்தேன். ஒரு டீ குடித்தேன்.

ஊர் முழுவதிலும் விளைந்த கதிர் இருந்தது ஒரே இடத்தில். வைரக்கண்ணுவின் வாசல் நிலையில். குருவிகள் பாதி தின்றிருந்தன.

ஐந்தாம் தேதி மாலை சித்தப்பா அந்த வாசலில் போய் நின்றார். நானும் பின்னால் நின்றேன். வைரக்கண்ணு எழுந்து நின்றார். சம்பூரணம் எழவில்லை. உட்கார்ந்தபடி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"சம்பூரணம், அந்தக் கதிர்க்கொத்து கொஞ்சம் வேணும்மா. ஒரு போட்டோவுக்கு."

"குருவி சாப்புடுதே சார்."

"ஒரு நாளைக்குத்தானே."

"எங்க கதிர உங்க வயல்ல காட்டி அறுத்துட்டேன்னு சொல்லுவீங்க. தைல எங்கள வெளில தள்ளுவீங்க. வெரட்டுற ஆளுக்கு நானே கம்பு எடுத்துக் குடுக்கணுமா?"

"அப்படி இல்லம்மா..."

"எப்படி இல்ல? நாளைக்கு வர்றவங்க முன்னால, தம்பி போன புடிக்கும்போது, ஒன்பது மாவும் வைரக்கண்ணுதான் பாக்குறான், இனிமேலும் அவன்தான் பாப்பான்னு சொல்லுங்க. மொதல்ல அதைச் சொல்லணும், அப்புறம்தான் அரிவா. முடியாதுன்னா கொத்து இங்கியே தொங்கட்டும்."

வைரக்கண்ணு, "அடியேய்" என்றார். அத்தனை தைரியம் அவருக்குப் பழக்கமில்லை.

சித்தப்பா வேன், விருந்து, பதினான்கு பேர், நூற்று அறுபது நாள் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தார். "சரி" என்றார்.

மறுநாள் விடியலில் வரப்போரம் நின்ற தாள்களில் கதிரைக் கட்டினோம். கட்டியது நான், வெள்ளை நூலால். பச்சைத் தாளின் உச்சியில், காய்ந்து வெளிறிய குட்டைக் கதிர். ரோமம் மழித்த ஆட்டுக்குத் தாடி ஒட்டியது மாதிரி இருந்தது. "தூரத்துலேந்து எடு," என்றார் சித்தப்பா.

வேன் வந்தது. நங்கநல்லூர்க்காரர்கள் இறங்கி, சேறு இருக்கிறதே என்று வியந்தார்கள். சித்தப்பா பட்டு அங்கவஸ்திரத்தோடு வரப்பில் ஏறினார். நான் பதிவை ஓடவிட்டேன். சம்பூரணம் கையில் அரிவாளை வைத்துக்கொண்டு, கொடுக்காமல் நின்றார்.

"நண்பர்களே," என்றார் சித்தப்பா. அரிவாளைப் பார்த்தார். "இந்த ஒன்பது மாவையும் பதினெட்டு வருஷமா பாக்குறது நம்ம வைரக்கண்ணு. இனிமேலும் அவர்தான் பாப்பாரு."

"சத்தமா சொல்லுங்க சார், பின்னாடி கேக்கல," என்றார் சம்பூரணம்.

"இனிமேலும் அவர்தான் பாப்பாரு!"

கைதட்டினார்கள். அரிவாள் கைமாறியது. நடைக் குழுத் தலைவர் வேதநாயகம், எழுபது வயது, ஆர்வம் தாங்காமல் முன்னால் வந்து ஒரு தாளைப் பற்றி இழுத்தார். கதிர் மட்டும் தனியாகக் கையோடு வந்தது. நூல் காற்றில் ஆடியது. அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"தியாகேசா, நெல்ல நூல்ல கட்டித்தான் வளப்பீங்களா?"

மற்றவர்களும் நூலை எட்டிப் பார்த்தார்கள்.

"ஊருல வெளையுற நெல்லுக்கு வேண்டாம் சார்," என்றார் சம்பூரணம். "சென்னைலேந்து வெதைக்கிற நெல்லுக்குக் கட்டணும்."

வேதநாயகம் தலையாட்டினார், புதிதாக ஒன்று கற்றுக்கொண்டவர் போல. நான் பதிவை நிறுத்தவில்லை. சித்தப்பா அன்றிரவே நூல் வரும் இடத்துக்கு முன்னால் வெட்டி, தன் பேச்சோடு காணொளியை வெளியிட்டார். பேச்சில் தன் முகம் நன்றாக விழுந்திருந்ததால் அதை வெட்ட மனம் வரவில்லை.

மாப்பிள்ளைச் சம்பா கார்த்திகை கடைசியில் கதிர் வாங்கியது, யாரையும் கேட்காமல். தை ஏழாம் தேதி வைரக்கண்ணு அறுத்தார். படுத்த பயிர் என்பதால் மூன்று மாவுக்கும் ஏழு மூட்டை. வழக்கமாக வருவதில் பாதிகூட இல்லை. மாசியில் தாளடியையும் அறுத்தார்.

அந்த மாசியில் சித்தப்பா வைரக்கண்ணுவுக்குத் தொலைபேசியில் அழைத்தார். நான் அங்கே தாளடிப் பச்சரிசியில் செய்த பணியாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். குரல் வெளியே கேட்டது. புது அட்டவணை தயாராம். தவறு விதையுடையதாம். சித்திரையில் சொர்ணவாரி, ஆறு மாவில், அவருடைய நேரடிப் பார்வையில்.

சம்பூரணம் போனை வாங்கினார்.

"சார், உங்க வீடியோவ நீங்க பாத்தீங்களா? ஆமா, அதேதான். எங்க ஊருல எல்லாரும் பாத்தாச்சு. நாப்பத்திரண்டாவது செகண்டுல என்ன சொன்னீங்கன்னு ஒருக்கா பாத்துட்டு அப்புறம் கூப்புடுங்க."

போனைக் கீழே வைத்தார். வாசல் நிலையில் புதுக் கதிர்க்கொத்து தொங்கியது. தாளடிக் கதிர். இரண்டு குருவிகள் வந்து உட்கார்ந்திருந்தன.

"இன்னும் ரெண்டு பணியாரம் வைக்கவா தம்பி?" என்றார் சம்பூரணம். "நூலு கட்டுன கைக்கு."