நாய்க்குப் பயந்த குடும்பம்

பொம்மிக்கு நாய் என்றால் பயம். கடிக்கிற நாய் மட்டுமில்லை; தூங்குகிற நாய், எங்கோ குரைக்கிற நாய், பிஸ்கட் பாக்கெட்டில் அச்சடித்த நாய் எல்லாம் அந்த ஒன்பது வயதுக்காரிக்கு ஒன்றுதான்.

வீட்டில் இரண்டு பெரியவர்கள் அந்தப் பயத்தைக் கண்ணும் கருத்துமாக வளர்த்தார்கள். அப்பா முன்னால் போய்த் தெருமுனையை எட்டிப் பார்த்து, எல்லைக்காவல் வீரர் மாதிரி கையசைப்பார். அம்மா, நாய் இல்லாத தெருக்களாகப் பொறுக்கிப் பள்ளிக்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். அந்த வழியில் போனால் பள்ளிக்கூடம் அடுத்த ஊரில் இருப்பதுபோல் தோன்றும். தியாகம் என்றால் இதுதான் என்று இருவருமே உள்ளூர நினைத்துக்கொண்டார்கள்.

தியாகத்தில் சின்ன லாபமும் இருந்தது. அப்பாவின் அக்கா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, ஊரின் மறுகோடியில் தனியாக இருந்தார். அவர் ஓய்வுபெற்றாலும் அவருடைய சிவப்புப் பேனா ஓய்வுபெறவில்லை. தம்பியின் தொப்பை, தம்பி மனைவி பிள்ளை வளர்க்கிற லட்சணம் எதையும் திருத்தாமல் விடமாட்டார். நல்லவேளையாக அவர் மேஜர் என்று ஒரு நாய் வளர்த்தார்.

"வரணும்னு ஆசைதான்க்கா. ஆனா பொம்மிக்கு மேஜரைப் பாத்தா உயிரே போயிடும்," என்பார் அப்பா போனில், தொண்டை கரகரக்க. அதற்கப்புறம் அக்கா பேசுவதற்கெல்லாம் "சரிக்கா, சரிக்கா" என்றபடி கிரிக்கெட் பார்ப்பார்.

இப்படியே நிம்மதியாகப் போயிருக்கும். ஒருநாள் பள்ளி வாசலில் ஒரு நாய்க்குட்டி வாலாட்டியது. பொம்மி அம்மாவின் கையை உதறிவிட்டு நடுரோட்டுக்கு ஓடினாள். ஒரு ஸ்கூட்டர் அவள் பாவாடையை உரசிக்கொண்டு நின்றது. அன்று வீடு வந்து சேரும்வரை அம்மா அவள் கையை விடவில்லை.

அப்பாவின் அலுவலகத்தில் வைத்தியத்துக்குப் பஞ்சமில்லை. "ஒரு ரூம்ல நாயோட விட்டுக் கதவைச் சாத்திடுங்க சார்," என்றார் கணக்குப் பிரிவு நண்பர். பல்லியைக் கண்டால் மேஜைமேல் ஏறுகிறவர் அவர். அம்மா யாரையும் கேட்கவில்லை. குழந்தைகள் மருத்துவமனையிலிருந்த மனநல நிபுணரிடம் நேரம் வாங்கினாள்.

அந்தப் பெண் முதல்நாள் பொம்மியிடம் மட்டும்தான் கேள்வி கேட்டார். எந்த மாதிரி நாய்? கட்டியிருந்தாலுமா? பக்கத்தில் வந்தால் என்ன நடக்கும் என்று நினைக்கிறாய்?

"மேல பாஞ்சு கழுத்தைக் கடிக்கும். நான் செத்துடுவேன்," என்றாள் பொம்மி.

"அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா," என்று அப்பா ஆரம்பித்தார்.

"இதை எத்தனை தடவை சொல்லியிருப்பீங்க?"

"தினம்."

"பலிச்சுதா?"

அப்பா சுவரிலிருந்த படத்தை ரசிக்கத் தொடங்கினார்.

நிபுணர் விளக்கினார். ஒரே அமர்வுதான், மூன்று மணி நேரம் வரை போகும். ஒவ்வொரு படியையும் பொம்மியிடம் கேட்டுத்தான் செய்வார்கள். சொல்லாமல் எதுவும் நடக்காது. அவள் வேண்டாம் என்றால் நிறுத்திவிட்டு, அதைவிடச் சின்னப் படி ஒன்றைத் தேடுவார்கள்.

"ஒரே நாள்ல சரியாயிடுமா?" என்றார் அப்பா. கேள்வியில் ஆசையைவிடக் கவலை கொஞ்சம் தூக்கலாக இருந்ததை அம்மா கவனித்தாள்.

"நிறையப் பிள்ளைங்களுக்கு நல்லாக் குறையுது. எல்லாருக்கும் இல்ல. குறைஞ்சாலும் அப்புறம் வீட்ல பழகிக்கிட்டே இருக்கணும்."

அடுத்த வாரம் பெற்றோரைக் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்தார்கள். அந்தப் பக்கம் பெரிய அறை. அதன் கோடியில் பயிற்சியாளர் ஒருவர், சங்கிலியில் ஒரு கிழட்டு லாப்ரடார். உலகத்தில் அதற்கு ஆகவேண்டியது எதுவுமில்லை போலப் படுத்திருந்தது. பொம்மி கதவோடு ஒட்டி நின்றாள்.

"பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள, பயம் எவ்வளவு?"

"பத்து."

"சரி. நாம ரெண்டு பேரும் இன்னிக்கு ஆராய்ச்சி பண்றோம். அந்த நாற்காலி வரைக்கும் போனா அது என்ன பண்ணும்?"

"எந்திரிச்சுப் பாயும்."

"போய்ப் பாக்கலாமா?"

போனார்கள். லாப்ரடார் கொட்டாவி விட்டது. நிபுணர் அங்கேயே நின்றார், பொம்மியின் எண் ஏழாகும் வரை. "என்ன நினைச்சே, என்ன நடந்துச்சு?" என்று கேட்டார். பிறகு அடுத்த படி. முதலில் அவர் நாயைத் தடவினார். அவர் தோளைப் பொம்மி பிடித்துக்கொண்டாள். அப்புறம் முழங்கை, புறங்கை. கடைசியில் அந்தக் கை நகர்ந்துகொள்ள, பொம்மியின் விரல்கள் நாயின் முதுகில் இருந்தன.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அப்பா ஜன்னலோரத் திரையைக் கசக்கிக்கொண்டிருந்தார். ஒருமுறை பொம்மி அழுதபோது எழுந்தே விட்டார். அம்மா சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"குழந்தை அழறா."

"அழுதுக்கிட்டே நிக்கறா, பாருங்க. ஓடல."

அப்புறம் வேறொரு நாய் வந்தது, சின்னது, துறுதுறுப்பு. அது குரைத்ததும் எண் மறுபடி எட்டுக்கு ஏறியது. மறுபடி முதல் படி. முடிகிறபோது பொம்மி சங்கிலியைப் பிடித்து அதை நடத்திக்கொண்டிருந்தாள். முகம் வியர்த்து, தலைமுடி கலைந்து, சண்டையில் ஜெயித்தவள் மாதிரி இருந்தாள்.

"இப்ப எவ்வளவு?"

"ரெண்டு. ரெண்டரை."

பெற்றோரை உள்ளே கூப்பிட்டார்கள். "இனிமே நீங்க தெருமுனையை எட்டிப் பாக்கக் கூடாது," என்றார் நிபுணர் அப்பாவிடம். அவர் பதவி போன முகத்தோடு தலையாட்டினார். "வேற வேற நாயோட பழகணும். முதல்ல நாய்க்காரங்ககிட்ட தொடலாமான்னு கேக்கணும். தெருநாயைத் தொட வேண்டாம். தெரிஞ்சவங்க வீட்ல ஏதாவது நாய் இருக்கா?"

அப்பாவும் அம்மாவும் ஒரே நேரத்தில் யோசிப்பதுபோல் கூரையைப் பார்த்தார்கள்.

"அத்தை வீட்ல இருக்கே," என்றாள் பொம்மி.

ஞாயிற்றுக்கிழமை போனார்கள். வழியெல்லாம் அப்பா பொம்மியைக் கேட்டார், வயிறு வலிக்கிறதா, தலை சுற்றுகிறதா என்று. சுற்றவில்லையாம்.

அத்தை கதவைத் திறந்தார். காலடியில் ஒரு பழுப்புக் குட்டி, வாலும் நாக்கும் ஒரே குலுக்கலாக, பொம்மியின் மேல் தாவியது. பயிற்சி நாய்களுக்கு இந்தக் கெட்ட புத்தி கிடையாது. பொம்மி சுவரோடு சுவரானாள். அப்பாவின் கை தானாக நீண்டது. அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆறு," என்றாள் பொம்மி, யாரையும் பார்க்காமல். "அத்தை, அதைப் பிடிச்சுக்கறீங்களா? நான் கொஞ்சம் கொஞ்சமா வரேன்."

அத்தை உட்கார்ந்து குட்டியை மடியில் அமுக்கிக்கொண்டார். பொம்மி நின்றாள். ஓர் அடி வைத்தாள், நின்றாள். ரொம்ப நேரம் ஆயிற்று. கடைசியில் அதன் காதைத் தொட்டாள்.

"மேஜர் ரொம்பச் சின்னதா இருக்கே," என்றாள்.

"இது மேஜர் இல்லம்மா. மேஜர் போன வருஷமே போய்ச் சேந்துட்டான்," என்றார் அத்தை. "வீட்ல பேச்சுத்துணைக்கு யாருமில்லையேன்னு எதிர்வீட்டம்மா இதைக் கொடுத்தாங்க. எல்லாம் உங்கப்பாகிட்ட போன்ல சொன்னேன். 'சரிக்கா, சரிக்கா'ன்னான்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். போன மாதம்கூட, இல்லாத மேஜரைச் சொல்லித்தான் அவர் தப்பித்திருந்தார்.

"அண்ணி, நான் காப்பி போடறேன்," என்று அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள். அப்பாவுக்குப் போக ஓர் அறை இல்லை.

"நான் சாக்கு சொல்றேன்னு தெரிஞ்சும் ஏன்க்கா ஒண்ணும் சொல்லல?"

"சொன்னா போனும் பண்ண மாட்டே."

அக்கா தம்பியின் தொப்பையைப் பற்றி எதுவும் பேசவில்லை. பேசியிருக்கலாம் என்று அப்பாவுக்குத் தோன்றியது. டிவி ரிமோட் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது, எடுக்கவில்லை.

"மேஜருக்கு என்னக்கா ஆச்சு?" என்று கேட்டார்.

அத்தை சொல்லத் தொடங்கினார். நீளமான கதை, சிறுநீரகத்தில் ஆரம்பித்தது. தரையில் பொம்மி, கடிக்குமா கடிக்காதா என்று ஒவ்வொரு விரலாகக் குட்டியிடம் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.