ஆறாம் நம்பர் சட்டை

போடி மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை கால்பந்து ஆட்டம். எதிராளியைப் பிடித்திழுத்த ஆறாம் நம்பருக்கு நடுவர் ஸ்டான்லி இரண்டாவது மஞ்சள் அட்டையையும், உடனே சிவப்பையும் காட்டினார். இனி எஸ்டேட் அணிக்குப் பத்துப் பேர்தான். மாற்று ஆள் இறங்க முடியாது.

“மொத மஞ்சள் எனக்கில்லண்ணே,” என்றான் ஆறாம் நம்பர் சட்டையிலிருந்த பிரபாகரன்.

“நோட்டுல ஆறுன்னுதான்ப்பா இருக்கு. வெரசா வெளிய போ.”

அந்த ஃப்ரீ கிக் கோலானது. அப்போதுதான் எல்லைக்கோட்டுக்கு வெளியே ஜக்கையன் வெற்றுடம்போடு உட்கார்ந்திருப்பதை ஸ்டான்லி கவனித்தார். எஸ்டேட் அணிக்கு மொத்தமே பதினோரு சட்டைதான். இடைவேளையில் வெளியேறியபோது, ஜக்கையன் தன் சட்டையை மாற்று ஆளாக இறங்கிய பிரபாகரனுக்குக் கழற்றிக் கொடுத்திருந்தான். முதல் மஞ்சள் வாங்கியவன் ஜக்கையன்.

ஃப்ரீ கிக்கோடு ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டது; இனி தீர்ப்பை மாற்ற முடியாது.

நோட்டில் ஆறுக்குப் பக்கத்தில் பெயர் எழுத இடமிருந்தது. ஸ்டான்லி அதைக் காலியாக விட்டிருந்தார்.